குறிப்பிலுள்ள மெரினோ நூல் கிடைக்காதபோது கொழும்பில் எதைத் தெரிவு செய்வது?

கேள்வி: நான் பின்ன விரும்பும் கார்டிகனின் பின்னல் குறிப்பில், மெரினோ என்ற மென்மையான கம்பளியில் டி.கே. எனப்படும் நடுத்தரப் பருமனுள்ள நூலைக் கேட்கிறார்கள். 50 கிராம் பந்தில் 125 மீற்றர், 9 பந்து வேண்டும். 4 மில்லிமீற்றர் ஊசியில் 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி, 30 வரிசை. அந்த நூல் இங்கே இல்லை. வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் பருத்தி நூலும் அக்ரிலிக்கும்தான் கண்டேன். குளிரூட்டிய அலுவலகத்திலும், பிறகு பஸ்ஸில் வீடு திரும்பும்போதும் அணிய வேண்டும். அதே டி.கே. அளவில் பருத்தி வாங்கிப் பின்னினால் சரி வருமா?

பதில்:

அதே டி.கே. அளவில் பருத்தி வாங்க வேண்டாம். ஒரு படி மெல்லிய பருத்தி நூலை, லேபலில் சொல்லப்படும் ஊசியைவிடச் சற்றுப் பெரிய ஊசியில் பின்னி, கண்ணி எண்ணிக்கையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குச் சிறியதுதான். ஆனால் அதன் காரணம் விளங்காமல் எண்களை மட்டும் மாற்றினால் வேறொரு இடத்தில் பிழைக்கும் என்பதால், முதலில் காரணத்தைச் சொல்கிறேன்.

கம்பளி இழை இயல்பிலேயே நெளிவுள்ளது. அந்த நெளிவுகளுக்கிடையே காற்று தங்குவதால் நூல் பருமனாகத் தெரிந்தாலும் பாரம் குறைவாக இருக்கும். இழுத்துவிட்டால் தன் நிலைக்குத் திரும்பவும் செய்யும். பருத்தி இழைக்கு இந்த இரண்டு குணங்களும் மிகக் குறைவு. இழையின் அடர்த்தியைப் பார்த்தால், கம்பளி ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 1.3 கிராம், பருத்தி ஏறத்தாழ 1.5 கிராம். உள்ளே தங்கும் காற்றும் பருத்தி நூலில் குறைவு. ஆகவே ஒரே பருமனுள்ள இரண்டு நூல்களில் பருத்தி நூலே எப்போதும் பாரமானது. இதனால்தான் டி.கே. என்று விற்கப்படும் பருத்தியில் 50 கிராமுக்கு 100 மீற்றர் அளவில் கிடைக்கிறது. உங்கள் மெரினோவிலோ 125 மீற்றர் கிடைக்கிறது.

இதை உங்கள் கார்டிகனில் வைத்துப் பாருங்கள். 9 பந்து மெரினோ என்றால் 450 கிராம், 1,125 மீற்றர். அதே 1,125 மீற்றரை டி.கே. பருத்தியில் வாங்கினால் 12 பந்து வேண்டும். பின்னி முடித்த உடுப்பு 560 கிராமுக்கும் கூடுதலாக இருக்கும். பலர் கிராமைப் பார்த்து 9 பந்து மட்டும் வாங்கிவிடுவார்கள். இரண்டாவது கையைப் பின்னும்போது நூல் முடிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், கூடிய இந்த 110 கிராம் பாரத்தைத் தோளிலிருந்து தாங்க வேண்டிய நூலுக்கு மீளும் சக்தி இல்லாமல் இருப்பதுதான். அலுமாரியில் தொங்கவிட்ட சில கிழமைகளிலேயே கைகள் விரல் நுனிவரை இறங்கும், கீழோரம் இடுப்பைத் தாண்டும். அதோடு 22 கண்ணிக்கு நெருக்கமாகப் பின்னிய டி.கே. பருத்தித் துணி தடித்து விறைப்பாக நிற்கும்; அலுவலகத்தில் பொறுக்கலாம், மாலை நேரத்து காலி வீதி பஸ்ஸில் பொறுக்க முடியாது.

கொழும்பின் சூட்டில் ஈரப்பதமும் சேர்ந்திருக்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை மெதுவாகவே உலர்கிறது. இத்தகைய இடத்தில் துணியின் மெல்லிய தன்மையும் கண்ணிகளுக்கிடையே காற்றுப் போய்வரும் வழியும், இழை எதுவென்பதற்குச் சமமாக, சில வேளை அதைவிடவும் கூடுதலாக, முக்கியமாகின்றன என்பது என் கருத்து. தடித்த பருத்தி உடுப்பைவிட மெல்லிய மெரினோ உடுப்பு இங்கே இதமாக இருக்கும்.

இனி உங்கள் உடுப்புக்கான கணக்கு. 50 கிராமுக்கு ஏறத்தாழ 150 மீற்றர் உள்ள பருத்தி நூலைத் தேடுங்கள். லேபல் இருந்தால் ஸ்போர்ட் என்றோ, 3 மில்லிமீற்றர் ஊசிக்கு என்றோ போட்டிருப்பார்கள். 3 மில்லிமீற்றரில் அது இறுக்கமான துணி தரும். நீங்கள் 3.5 மில்லிமீற்றர் ஊசியை எடுத்து 10 சென்ரிமீற்றருக்கு 24 கண்ணி, 32 வரிசை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஊசியைக் கால் மில்லிமீற்றர் ஏற்றியோ இறக்கியோ சரிசெய்யலாம்.

கண்ணி சிறியதாகும்போது அதே பரப்பை நிரப்பக் கூடுதல் கண்ணிகள் வேண்டும். ஆனால் ஒவ்வொரு கண்ணிக்கும் செல்லும் நூல் குறையும். 22 பெருக்கல் 30 என்பது 660. 24 பெருக்கல் 32 என்பது 768. கண்ணி ஒவ்வொன்றும் சிறுத்ததற்காக அதை 22/24 ஆல் குறைத்தால், மொத்த நூல் நீளம் ஏறத்தாழ 7 சதவீதம் மட்டுமே கூடுகிறது. 1,125 மீற்றர் 1,200 மீற்றராகிறது. 150 மீற்றர் பந்தில் அது 8 பந்து, 400 கிராம். டி.கே. பருத்தியில் 560 கிராமைத் தாண்டிய அதே கார்டிகன் இப்போது மூல மெரினோவைவிடவும் 50 கிராம் குறைவாக நிற்கிறது. ஒரு படி மெலிதாகப் போவதன் பயன் இதுதான்.

கண்ணி எண்ணிக்கையை மாற்றுவதற்கு நீங்கள் குறிப்பு முழுவதையும் திருப்பி எழுத வேண்டியதில்லை. உங்கள் அளவுக்குப் பின்பக்கம் 50 சென்ரிமீற்றர் அகலம், 110 கண்ணி என்று வைத்துக்கொள்வோம். 24 கண்ணி அளவில் அதே 50 சென்ரிமீற்றருக்கு 120 கண்ணி வேண்டும். குறிப்பில் உங்களுக்கு அடுத்த பெரிய அளவைப் பாருங்கள். அங்கே 118 அல்லது 122 என்று இருக்க வாய்ப்புண்டு. 118 என்றால் 49 சென்ரிமீற்றர், 122 என்றால் ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர், இரண்டும் பொருந்தும். ஆகவே கண்ணி எண்ணிக்கை சொல்லும் இடங்களில் எல்லாம் அந்தப் பெரிய அளவைப் பின்பற்றுங்கள். சென்ரிமீற்றர் சொல்லும் இடங்களில், அதாவது உடல் நீளம், கைக்குழி ஆழம், கை நீளம் ஆகியவற்றில், உங்கள் சொந்த அளவையே பின்பற்றுங்கள். வரிசைகளை எண்ணிச் செய்யச் சொல்லும் இடங்களில் மட்டும் நின்று யோசிக்க வேண்டும். கையின் நீளம் 44 சென்ரிமீற்றர் என்றால் மூலக் குறிப்பில் 132 வரிசை. உங்களுக்கு 141 வரிசை. 8 வரிசைக்கு ஒருமுறை கண்ணி கூட்டச் சொன்னால், 8, 9 என்று மாறி மாறிக் கூட்டுங்கள். கைக்குழிக்கு வரும்போது சரியான இடத்தில் நிற்பீர்கள். முழங்கை வரை நிற்கும் கையாக மாற்றிக்கொண்டால் பாரமும் குறையும், பஸ்ஸிலும் இதமாக இருக்கும். உங்கள் தேவைக்கு நான் அதையே சொல்வேன்.

புறக்கோட்டையில் லேபலே இல்லாமல், பொலித்தீன் பையில் கட்டி நிறைக்கு விற்கப்படும் நூலும் உண்டு. அதில் 10 மீற்றரை அளந்து வெட்டி, 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசில் நிறுங்கள். 3.3 கிராம் காட்டினால் ஒரு கிராமுக்கு 3 மீற்றர், அதாவது 50 கிராமுக்கு 150 மீற்றர். நீங்கள் தேடுவது அதுவே. 5 கிராம் காட்டினால் 50 கிராமுக்கு 100 மீற்றர், அது டி.கே. பருத்தி, விட்டுவிடுங்கள். சமையலறைத் தராசுகள் பல ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. அப்படியானால் 50 மீற்றரை அளந்து நிறுங்கள். நூலை அளவுகோலில் சுற்றி ஓர் அங்குலத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணும் முறையையும் சொல்வார்கள். இறுக்கிச் சுற்றுவதற்கும் தளர்த்திச் சுற்றுவதற்கும் எண் மாறிவிடுவதால், வேறு வழி இல்லாதபோது மட்டுமே அதைக் கைக்கொள்வேன்.

அந்த நூல் எந்த இழை என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். அக்ரிலிக் உருகிச் சுருங்கி, ஆறியபின் கடினமான கறுப்பு மணியாகும். கம்பளி முடி கருகும் மணம் தந்து, சுடரை விலக்கியதும் அணைந்துவிடும். பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் எரிந்தபின் சாம்பலுக்குள் கட்டி கட்டியாக மிஞ்சும். தாவரக் கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸ் இழையை இச்சோதனை பருத்தியிலிருந்து பிரித்துக் காட்டாது. அதன் வழுவழுப்பும் பளபளப்பும்தான் அடையாளம்.

நூல் கையில் கிடைத்ததும் மாதிரித் துண்டு ஒன்றைப் பின்ன வேண்டும். பருத்தி விடயத்தில் வழக்கமான 10 சென்ரிமீற்றர்ச் சதுரம் போதாது. 15 சென்ரிமீற்றர் அகலமும் 20 சென்ரிமீற்றர் நீளமுமாகப் பின்னி, உடுப்பை எப்படிக் கழுவப் போகிறீர்களோ அப்படியே கழுவி, தட்டையாக உலர்த்தி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலோரத்தைக் கம்பி ஒன்றில் உடுப்புக் கிளிப்புகளால் மாட்டி, கீழோரத்தில் 40 கிராம் அளவு பாரத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். 40 என்பது எங்கிருந்து வந்தது என்றால், 400 கிராம் உடுப்பில் கைகளைத் தவிர்த்த உடல் ஏறத்தாழ 280 கிராம். அது 100 சென்ரிமீற்றர்ச் சுற்றளவில் பரவித் தொங்குகிறது. அதில் 15 சென்ரிமீற்றரின் பங்கு 40 கிராம் சொச்சம். தோளருகே இதைவிடக் கூடுதலாகவும் கீழோரத்தில் குறைவாகவும் பாரம் விழும். ஆகையால் இதைச் சராசரியாகக் கொள்ளலாம். இரண்டு இரவு தொங்கட்டும்.

பிறகு அளந்தால் 20 சென்ரிமீற்றர் 21 ஆகியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 5 சதவீத நீட்சி. உடல் 56 சென்ரிமீற்றராக நிற்க வேண்டுமென்றால் நீங்கள் 53 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே பின்னி நிறுத்த வேண்டும். நீளம் கூடும்போது அகலம் சற்றுக் குறையும்; அதையும் இந்தத் துண்டிலேயே அளந்து, கண்ணி எண்ணிக்கைக் கணக்குக்குத் தொங்கியபின் வந்த அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். நீட்சி 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த நூலோ, அந்த ஊசியோ இந்த உடுப்புக்கு ஆகாது. ஊசியைக் கால் மில்லிமீற்றர் குறைத்து இன்னொரு துண்டு பின்னிப் பாருங்கள்.

துணி விழும் விதத்தையும் அதே துண்டில் பார்க்கலாம். அதை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி வைத்தால், வெளியே நிற்கும் பகுதி உடனே மடிந்து கீழே விழ வேண்டும். அப்பளம் போல நீட்டி நின்றால் ஊசி சிறிது. பெரிய ஊசிக்குப் போங்கள். மறுபுறம், வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது கண்ணிகள் நிலைகொள்ளாமல் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து தெரிந்தால் ஊசி பெரிது. அந்தத் துணி விரைவில் தொய்யும். இந்த இரண்டுக்கும் இடையேதான் உங்கள் ஊசி இருக்கிறது. துண்டின் ஓரங்கள் நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்த வடிவமெடுத்தால் நூல் முறுக்கு அதிகம் என்று அர்த்தம். அதில் ஸ்டொக்கிங் பின்னல் போட்டால் பக்கத் தையல் வயிற்றுப்பக்கம் திரும்பிவரும். கழுவி ஈரமாக நேராக்கி உலர்த்தினாலும் மீண்டும் சாயும். இத்தகைய நூலை நேர்க்கண்ணியும் எதிர்க்கண்ணியும் கலந்துவரும் பின்னலுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

குறிப்பின் சில பகுதிகள் கம்பளியின் மீளும் சக்தியை நம்பி எழுதப்பட்டவை. அவற்றில் முதலாவது ரிப் ஓரங்கள். கம்பளியில் அவை மணிக்கட்டையும் இடுப்பையும் பிடித்துக்கொள்ளும். பருத்தியில் சில தடவை அணிந்ததும் விரிந்து அப்படியே நின்றுவிடும். ரிப் பகுதியைப் பத்தில் ஒரு பங்கு கண்ணி குறைத்துத் தொடங்கி, உடலுக்குப் பயன்படுத்தும் ஊசியைவிட முக்கால் மில்லிமீற்றர் சிறிய ஊசியில் பின்னி, முடிந்ததும் கண்ணிகளைக் கூட்டி உடலுக்குப் போங்கள். நேர்க்கண்ணிகளைப் பின்பக்க வளையத்தில் குத்திப் பின்னினால் அவை முறுகி நின்று இன்னும் சிறிது பிடிமானம் தரும். அதற்கு மேல் பருத்தியிடம் எதிர்பார்க்காமல், கையோரத்தை ரிப்புக்குப் பதிலாகச் சில வரிசை கார்ட்டர் பின்னலில் தட்டையாக முடிப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது தோள். கழுத்திலிருந்து கீழாக ஒரே துண்டாகத் தையலின்றிப் பின்னும் வடிவங்கள் இப்போது மிகுதியாக வருகின்றன. பருத்தியில் அவற்றுக்குப் பாரத்தைத் தாங்க எலும்பு இல்லை. உங்கள் கார்டிகன் தனித்தனித் துண்டுகளாகப் பின்னித் தைப்பது என்றால் அது உங்களுக்குச் சாதகம். தோள் தையலின் உட்புறத்தில் மெல்லிய பருத்தி நாடாவைத் தோளின் உண்மையான நீளத்துக்கே வெட்டி வைத்துக் கையால் தைத்துவிடுங்கள். பின்கழுத்திலும் அதையே தொடருங்கள். பொத்தான் பட்டி மூன்றாவது இடம்: பருத்திப் பட்டி நீண்டு, பொத்தான்களுக்கிடையே வாய்பிளந்து நிற்கும். அதன் உட்புறத்திலும் நாடா வைத்துத் தைத்து, பாரமான உலோகப் பொத்தானுக்குப் பதிலாகச் சிரட்டைப் பொத்தானோ சிப்பிப் பொத்தானோ வைத்தால் போதும்.

உங்கள் குறிப்பில் கேபிள் பின்னல் நிறைய இருந்தால், மேலே சொன்ன 7 சதவீதத்துக்கு மேல் நூல் வேண்டும் என்பது ஒருபுறம். துணி இரட்டைத் தடிப்பாவதால் எடையும் சூடும் கூடுவது மறுபுறம். முன்பக்கத்தில் ஒரு கேபிள் வரிசையோடு நிறுத்திவிட்டு மற்றதைச் சாதாரணமாகப் பின்னலாம். இரு நிற நூல்களைப் பின்புறத்தில் இழுத்துச் செல்லும் வண்ணப் பின்னலைப் பருத்தியில் நான் செய்யச் சொல்லமாட்டேன். பின்னால் ஓடும் நூல் இழுபடாததால் முன்பக்கம் சுருங்கித் தெரியும்.

தூய பருத்தி தவிர வேறு தெரிவு உண்டா என்றால், உண்டு. பருத்தியும் விஸ்கோஸும் பாதிக்குப் பாதி கலந்த நூல் உடலில் குளிர்ச்சியாகப் படும், மிக அழகாக மடிந்து விழும்; மூங்கில் என்று பெயர் போட்டு விற்கப்படும் இழையும் பெரும்பாலும் விஸ்கோஸ்தான். ஆனால் விஸ்கோஸ் பருத்தியைவிடக் கூடுதலாக இறங்கும். நனைந்தால் வலுவும் குறையும். நீட்சிச் சோதனையில் தேறினால் மட்டும் எடுங்கள். கழுவும்போது ஒருபோதும் ஈரத்தோடு தூக்கிப் பிடிக்க வேண்டாம். பருத்தியோடு லினன் கலந்தது கிடைத்தால் அதுவே கொழும்புக்கு என் முதல் தெரிவு. முதலில் சொரசொரப்பாக இருக்கும், கழுவக் கழுவ இளகும், அதிகம் நீளாது. அக்ரிலிக் பாரமில்லாதது, விரைவில் உலரும், மலிவும் கூட. ஆயினும் அது ஈரத்தை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை. வியர்வை தோலில் நின்றுவிடும். பஸ்ஸில் அணிய நினைக்கும் உடுப்புக்கு அது ஏற்றதல்ல. நுவரெலியாவுக்குக் கொண்டுபோக ஒரு தடித்த உடுப்பு என்றால் தாராளமாக எடுக்கலாம். பருத்தியில் அக்ரிலிக் பாதிக்குக் குறைவாகக் கலந்திருந்தால் பாரம் குறைந்து, சற்று மீளும் தன்மையும் வரும். உங்கள் தேவைக்கு அதையும் பரிசீலிக்கலாம்.

உடுப்பைக் கழுவியபின் தண்ணீரைத் துவாயில் சுற்றி அழுத்தி எடுத்து, சுளகு அல்லது வலைத்தட்டில் அளவுக்கு ஒழுங்குபடுத்திப் பரப்பி, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள். மழைக் காலத்தில் பருத்தி இரண்டு நாளுக்கு மேலும் ஈரம் வைத்திருக்கும். பாதி நாளுக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் மணம் பிடிக்கும், பூஞ்சணம் புள்ளி வைக்கும். அலுமாரியில் தொங்கவிடாமல் மடித்தே வையுங்கள்.

வாங்கும்போது 8 பந்து கணக்கு வந்தாலும் 10 பந்து எடுங்கள். ஒன்று மாதிரித் துண்டுகளுக்கும் ஓரங்களுக்கும் போய்விடும், மற்றது காப்பு. எல்லாவற்றிலும் சாயத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். எண் இல்லாத நூலென்றால் பந்துகளை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் அருகருகே வைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். குழல்விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு வெள்ளைகள் வெயிலில் வெவ்வேறாகத் தெரியக்கூடும்.